ஃபக்ஸ் போகவே இல்லை, எப்போதும் பிஸி என்று காட்டுது – உடன் உதவி தேவை

உவர்மலை_கடை: வணக்கம். புது பிரதர் மெஷின் வாங்கினது. பிரிண்ட், ஸ்கேன், கொப்பி எல்லாம் சரி. கொழும்பு ஒஃபிஸ் ஒன்றுக்கு ஒரு பக்கம் ஃபக்ஸ் பண்ண வேணும், இன்றைக்கே. எத்தனை தரம் அடித்தாலும் `No Response/Busy` என்றுதான் வருது. அங்கே ஃபோன் பண்ணிக் கேட்டால் லைன் ஃப்ரீயாத்தான் இருக்காம். எங்கட ஃபோனும் நல்லா வேலை செய்யுது. என்ன பிழை?

கின்னியா_நானா: தம்பி, மொடல் நம்பர் என்ன? வயரை மெஷின்ல எந்த ஓட்டையில குத்தியிருக்கீங்க? பின்னால `LINE`, `EXT` என்று ரெண்டு இருக்கும், பக்கத்தில நெட்வேர்க் ஓட்டை ஒன்றும் இருக்கலாம். ஃபோன் வயர் நுனி சின்னது, அது நெட்வேர்க் ஓட்டைக்குள்ளயும் லூஸா நுழையும். நிறையப் பேர் அங்கதான் குத்துவாங்க.

திருக்கடலூரான்: இது உப்புக்காற்று வேலை. கடற்கரைப் பக்கம் சுவரில இருக்கிற ரொசெட்டைக் கழற்றிப் பாருங்கோ, உள்ளே திருகாணி எல்லாம் பச்சை பிடிச்சிருக்கும். கதைக்கிறதுக்குக் காணும், ஃபக்ஸுக்குக் காணாது. வயர் நுனியை வெட்டி, புதுசாச் சீவி இறுக்கினால் சரி.

சீனக்குடா78: ஏடிஎஸ்எல் ஃபில்டர் போட்டீங்களா? ஃபில்டர் இல்லாமல் ஃபக்ஸ் ஓடாது. இதுதான் காரணம், வேற ஒன்றும் இல்லை.

பழைய_தொழில்நுட்பர்: கேள்வி கேட்பவர் எந்த லைன் என்று சொல்லவில்லை. அது தெரியாமல் ஆளுக்கொரு மருந்து. கையேட்டில் முதல் பத்துப் பக்கம் வாசித்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது. அதைவிட, இந்தக் காலத்தில் ஸ்கேன் பண்ணி மின்னஞ்சலில் அனுப்பாமல் ஏன் ஃபக்ஸ்?

உவர்மலை_கடை: அவங்க ஃபக்ஸ்தான் வேணும் என்கிறாங்க அண்ணை. மொடல் MFC-L2715DW. `LINE` இல்தான் குத்தியிருக்கு. மற்ற நுனி சுவரில இருக்கிற ஃபோன் சொக்கெற்றில.

நிலாவெளி_வயரிங்: ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. உங்கட ஃபோன் அதே சுவர்ச் சொக்கெற்றிலயா இருக்கு, இல்லை இன்டர்நெற் பெட்டியில குத்தியிருக்கா?

அந்த `No Response/Busy` என்ற எழுத்தை நம்பாதேங்கோ. இந்த மெஷின் வரும்போதே `Dial Tone` என்ற அமைப்பு `No Detection` இல் இருக்கும். அதாவது லைனில ரிங்காரம் இருக்கா என்று பார்க்காது. கொஞ்ச நேரம் பொறுத்துவிட்டு நம்பரை அடித்துவிடும். வயர் செத்துக் கிடந்தாலும் அடிக்கும். மறுபக்கத்தில் இருந்து ஒன்றும் வராததால், பிஸி என்று எழுதிக்காட்டும். கொழும்பில பிழை இல்லை, உங்கட அழைப்பு கடையை விட்டே வெளியில போகவில்லை என்றுதான் நினைக்கிறன்.

சோதிக்கிறது லேசு. பிரிண்டரில் இருக்கிற வயரைக் கழற்றி, அதே நுனியை ஒரு சாதாரண ஃபோனில குத்திக் காதில வையுங்கோ. ரிங்காரம் கேட்காவிட்டால் விஷயம் முடிஞ்சுது.

உவர்மலை_கடை: ஒன்றும் கேட்கல!! ஃபோன் முன் ரூமில ஃபைபர் பெட்டியில இருக்கு. போன வருசம்தான் ஃபைபர் போட்டது. சொல்ல மறந்திட்டன்.

நிலாவெளி_வயரிங்: அதுதான். ஃபைபர் போட்ட பிறகு பழைய செம்பு வயர் செத்துப்போச்சு. சுவர்ச் சொக்கெற் வெறும் அலங்காரம். இனி ஃபோன் லைன் பிறக்கிறது அந்தப் பெட்டியின் `TEL` துளையில. ரெண்டு துளை இருந்தால் `TEL1` இலதான் பெரும்பாலும் நம்பர் இருக்கும்.

இப்போதைக்கு மெஷினைத் தூக்கிக்கொண்டு முன் ரூமுக்குப் போங்கோ. `TEL` இலிருந்து மெஷினின் `LINE` க்கு ஒரு வயர். மெஷினின் `EXT` இல் இருக்கிற மூடியைக் கழற்றி, அதில உங்கட ஃபோன். இப்ப ஃபோனைத் தூக்கினால் ரிங்காரம் வரவேணும். வந்தால் அந்தக் கொழும்பு நம்பரை ஃபோனிலயே அடித்துக் கேளுங்கோ. கீச்சென்ற சத்தம் வந்தால் அது ஃபக்ஸ் நம்பர்தான். ஆள் கதைத்தால் நம்பர் பிழை.

பிறகு பேப்பரை மேல் தட்டில எழுத்து மேலே தெரிய வைத்து, `Fax` பட்டன், 011 சேர்த்துப் பத்து இலக்கம், `Start`. +94 எல்லாம் வேண்டாம்.

சீனக்குடா78: ஃபைபர் என்றாலும் ஒரு ஃபில்டர் போடுறது பாதுகாப்புத்தானே?

நிலாவெளி_வயரிங்: இல்லை. ஏடிஎஸ்எல்லில் ஒரே செம்புச் சோடியில இன்டர்நெற்றும் குரலும் சேர்ந்து வரும், அதைப் பிரிக்கத்தான் ஃபில்டர். `TEL` துளையில குரல் மட்டும்தான். ரொசெட் பச்சை பிடிக்கிறது உண்மைதான் அண்ணை, ஆனால் செம்பு லைன்காரருக்கு. அங்கே அது இரைச்சலாத் தெரியும், இப்படிப் பூரண அமைதியா இராது.

மூதூர்_நூலகம்: எனக்கும் இதே பிரச்சினை. ஃபக்ஸ் வரும்போது யாராவது ஃபோனைத் தூக்கினால் கீச் கீச் என்று கேட்டுவிட்டு அறுந்துவிடுகிறது.

கின்னியா_நானா: அது வேற பிரச்சினைங்க, உங்களுக்கு வாறது, அவருக்குப் போறது. `Easy Receive` என்றதை ஒன் பண்ணுங்க. ஃபோனைத் தூக்கிச் சத்தம் கேட்டால் வைக்காம கொஞ்சம் பொறுங்க, மெஷினே எடுத்துக்கொள்ளும்.

பழைய_தொழில்நுட்பர்: 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் இருக்கிறது. மின்னஞ்சல் ஆவணத்தை அப்படியே தள்ளிவிட முடியாது. ஃபக்ஸ் தாளும் மூலப்பிரதி இல்லை.

திருக்கடலூரான்: அந்தச் சட்டம் உயில், அற்றோணித் தத்துவம், காணி விற்பனைக்குப் பொருந்தாது. இவர் என்ன ஆவணம் அனுப்புறார் என்று உங்களுக்குத் தெரியுமா? கேட்கிற ஆள் ஃபக்ஸ் கேட்டால் ஃபக்ஸ்தான் குடுக்க வேணும்.

பழைய_தொழில்நுட்பர்: அந்த விதிவிலக்கு ஃபக்ஸுக்கும் உதவாது. உறுதியை ஃபக்ஸில் எழுதுவார்களா?

உவர்மலை_கடை: ரிங்காரம் வந்திட்டுது, கீச் சத்தமும் கேட்டது. ஆனால் அனுப்பினால் பாதியில `Comm.Error`.

நிலாவெளி_வயரிங்: நல்லது, இப்ப அழைப்புக் கொழும்புக்குப் போய்ச்சேருது. ஃபைபரில் குரல் துண்டு துண்டாகப் பொதி கட்டிப் போகும். ஒரு துண்டு பிந்தினால் காதுக்குத் தெரியாது, ஃபக்ஸ் மொடத்துக்கு அது எழுத்து அழிந்த மாதிரி. வேகத்தைக் குறைத்தால் தாங்கும்.

`Initial Setup` இல் `Compatibility` என்று இருக்கும். அதை `Basic(for VoIP)` ஆக்குங்கோ. வேகம் 9600 க்கு இறங்கும், பிழை திருத்தமும் நிற்கும். அதனால ஒரு பக்கத்துக்குக் கூட நேரம் எடுக்கும். அழிந்த வரியை மெஷின் திருப்பிக் கேட்காது, `OK` என்று வந்தாலும் மறுபக்கம் வாசிக்க முடியுதா என்று ஃபோன் பண்ணிக் கேளுங்கோ. தரத்தை `Standard` இலயே வையுங்கோ. ஃபோட்டோத் தரம் வைத்தால் பக்கம் நீளும், நீண்டால் அறும்.

கின்னியா_நானா: லைன்காரரிடம் சொல்லி, ஃபக்ஸைக் குரலா இல்லாமல் டேட்டாவாவே அனுப்புற T.38 முறையைப் போடச் சொன்னால் வேகம் குறைக்கத் தேவையில்ல.

நிலாவெளி_வயரிங்: நடுவில இருக்கிற ஒவ்வொரு கருவியும் அதைத் தாங்கினால்தான் நானா. கேட்டுப் பார்க்கலாம், இன்றைக்கு நடக்காது.

உவர்மலை_கடை: ஒரு பக்கம் போயிட்டுது, `OK`. வாசிக்கலாமாம். நன்றி அண்ணை. ஆறு பக்கக் கட்டு ஒன்று அனுப்பினன், நாலாவதில அறுந்திட்டுது.

நிலாவெளி_வயரிங்: ரெண்டு ரெண்டு பக்கமாப் பிரித்து அனுப்புங்கோ. மெஷினைத் திரும்பப் பின் ரூமுக்குக் கொண்டுபோறதென்றால் `TEL` இலிருந்து புது வயர் இழுங்கோ. பழைய சுவர் வயரைப் பாவிக்க நினைத்தால், வெளியிலிருந்து வாற செம்புச் சோடியை முதலில் கழற்ற வேணும். கரண்ட் போனால் பெட்டியும் படுக்கும், ஃபக்ஸும் படுக்கும், அதுக்குச் சின்ன யூபிஎஸ் ஒன்று பாருங்கோ. அறுந்த நேரம் பிள்ளைகள் இன்டர்நெற்றில வீடியோ ஏதும் பார்த்தவையா?

மூதூர்_நூலகம்: `Easy Receive` எந்த மெனுவுக்குள்ள இருக்கு? எங்கடது பிரதர் இல்லை.