புதுப்பிப்பு: பட்டச் சான்றிதழைச் சரிபார்க்கும் விஷயம்

முன்பு நான் கேட்டது: "வேலைக்கு வந்தவரின் சான்றிதழில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கே போன் செய்து கேட்டால் போதுமா?"

போதாது என்று முதலில் சொன்னவர், தேர்வுப் பிரிவில் வேலை பார்த்த அண்ணன். அவர் சொன்னபடி சான்றிதழைத் தள்ளி வைத்துவிட்டு, யுஜிசியின் ugc.gov.in தளத்தில் பல்கலைக்கழகப் பட்டியலைத் திறந்தேன். பெயர் இருந்தது. ஆனால் அங்கிருந்து போன தளம் .ac.in என்று முடிந்தது, சான்றிதழில் இருந்ததோ .org.in. முன்னது கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கு மட்டும் தரப்படுவது. பின்னதை யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

"கியூஆர் கோடு ஸ்கேன் ஆகிறதே, அப்புறம் என்ன?" என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். ஸ்கேன் செய்தால் பெயர், மதிப்பெண் எல்லாம் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அது திறப்பதும் அதே .org.in தளத்தைத்தான்!

சரி என்று .ac.in தளத்தில் இருந்த பொது எண்ணை அழைத்து, தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு இணைப்புக் கேட்டேன். "போனில் எதுவும் உறுதி செய்ய மாட்டோம் சார், ஸ்கேன் நகலும் கட்டண ரசீதும் மெயில் பண்ணுங்க" என்றார்கள். அவர்கள் சொன்ன முகவரி தளத்திலும் அப்படியே இருக்கிறதா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்த பிறகே அனுப்பினேன். பதில் இன்னும் வரவில்லை. அதுவரை வேலைக்கு வந்தவரின் சான்றிதழைப் போலி என்று சொல்ல மாட்டேன்.

தன் சான்றிதழ் தொலைந்ததைப் பற்றிக் கேட்ட தங்கைக்கு: அது நகல் சான்றிதழுக்கான தனி விண்ணப்பம்மா, உங்கள் பல்கலைக்கழகத்திலேயே கேளுங்கள்.