கூகுள் பேயில் ரூபே கிரெடிட் கார்டு: எதை முதன்மையாக வைப்பது?

கோத்தகிரிக்காரன்
ஊட்டி மார்க்கெட் கேரட் கடையில் ஒருத்தர் திணறினது இன்னும் மனசுல நிக்குது. அன்னைக்குத்தான் ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயில் சேர்த்திருக்கார். 340 ரூபாய்க்கு ஸ்கேன் பண்ணா, அந்தக் கார்டில் கட்ட முடியலன்னு வருது. பின்னால ஆளுங்க நெருக்குறாங்க, கடைக்காரர் சர்வர் மேல பழி போடுறார். சர்வர் நல்லாத்தான் இருந்துச்சு. ஒட்டியிருந்தது கடைக்காரரோட சொந்தக் கணக்கு க்யூஆர். யுபிஐயில் ரூபே கிரெடிட் வியாபாரக் கணக்குக்குத்தான் போகும், தனி ஆளுக்குப் போகாது. மலையில் சின்னக் கடை பலதும் சொந்தக் கணக்கு க்யூஆர்தான். அதனால சேமிப்புக் கணக்கே முதன்மையா இருக்கட்டும். பெட்ரோல் பங்க், மளிகைன்னு வரும்போது பணம் கட்டுற திரையில் கார்டை மாத்திக்கலாம்.

குன்னூர் மணி
முதன்மைங்கிறது வர்ற பணத்துக்கு மட்டும்தானே? கட்டுறதுக்கு எதுவா இருந்தா என்ன?

கோத்தகிரிக்காரன்
பாதி சரிங்க. வர்ற பணம் அதில்தான் விழும். ஆனா கட்டும்போதும் அதுதான் முன்னாடி வந்து நிக்கும், பார்க்காம பின் போட்டா அதிலிருந்தே போயிடும். இன்னொன்னு, ஒவ்வொரு ஆப்புக்கும் முதன்மை தனித்தனி. இங்க மாத்தினா அங்க மாறாது.

பூம்பாறை அக்கா
எங்க பக்கம் கார்டு சேர்க்கிற வரைக்கும் போனாத்தானே முதன்மை! "சரிபார்க்கிறது"ன்னு சுத்திக்கிட்டே நின்னுடுது.

ரிப்பேர் கடை தம்பி
அக்கா, அந்த நேரத்துல போன் தானாவே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். வங்கியில் பதிஞ்ச நம்பர் சிம்மிலிருந்துதான் அது போகணும். ரெண்டு சிம் இருந்தா ஆப்பில் சரியான சிம்மைத் தொடுங்க. ப்ரீபெய்டில் எஸ்எம்எஸ் அனுப்பக் காசு இருக்கான்னு பாருங்க; டேட்டா பேக் மட்டும் இருந்தா போகாது. சிக்னல் ஒரு கோடுதான்னா மேட்டுப் பக்கம் போய், அந்தச் சிம்மிலிருந்து யாருக்காவது சாதா எஸ்எம்எஸ் அனுப்பிப் பாருங்க. அது போனா இதுவும் பெரும்பாலும் போகும். அடுத்து கார்டோட கடைசி 6 எண், காலாவதி மாதம் வருஷம், ஓடிபி, கடைசியா புது யுபிஐ பின். ஏடிஎம் பின்னையே வைக்காதீங்க. கிரெடிட் கார்டுன்னா கார்டு கொடுத்த வங்கியிலும் அதே நம்பர்தான் பதிஞ்சிருக்கணும். சேமிப்புக் கணக்கில் மட்டும் நம்பரை மாத்திட்டு கார்டில் பழசையே விட்டவங்களுக்கு, கார்டு பட்டியல்லயே வராது.

குன்னூர் மணி
வீட்ல வைஃபை இருந்தா இவ்வளவும் எதுக்கு?

ரிப்பேர் கடை தம்பி
ஆப் திறக்க வைஃபை போதும். எஸ்எம்எஸ் சிம் வழியாப் போகணும் அண்ணா.

கொடைக்கானல் விடுதி
வைஃபை காலிங் போட்டுவிட்டா ஒரு போனில் எஸ்எம்எஸ் போகுது, அதே சிம்மை இன்னொரு போனில் போட்டா போகல. காரணம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பூம்பாறை அக்கா
மேட்டுல நின்னு போட்டதும் போயிடுச்சு தம்பி. இப்ப ஓடிபி வரல.