இந்த தராசு எந்த மாடல்னு சொல்லுங்க, முத்திரை போட முடியுமா?

வணக்கம் மக்களே, சின்னதா ஒரு மளிகை கடை போடப்போறேன், மூடுன கடையில இருந்து ஒரு எலக்ட்ரானிக் தராசு செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டேன். போட்டோ 1ல முன்பக்கம். கம்பெனி ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சு போச்சு, பேர் தெரியல. சைடுல இருக்குற தகட்டுல மேக்ஸ் 30 கிலோ, மின் 100 கிராம், e = 5 g, ஓவலுக்குள்ள III இது மட்டும் தெளிவா இருக்கு. மாடல் அப்ரூவல் நம்பர் IND/09/ வரைக்கும்தான் படிக்க முடியுது, மிச்சம் தேஞ்சிருச்சு. இதே பாடி வச்சிருக்கவங்க யாராவது உங்க தகட்டை போட்டோ எடுத்து போடுங்களேன், ஒப்பிட்டு பாத்துக்குறேன்.

போட்டோ 2 அடிப்பக்கம். ஈய சீல்ல 22னும் C னும் குத்தியிருக்கு, அதாவது 2022 மூணாவது காலாண்டு. எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் முத்திரை போடணும், அதனால இது எப்பவோ காலாவதி, அது எனக்கே தெரியும். ஆனா சீல் கம்பி ஒரு பக்கம் அறுந்து தொங்குது பாருங்க, அதுதான் பயமா இருக்கு, யாரோ கழட்டி உள்ள செட்டிங்ல கை வச்சிருந்தா? 5 கிலோ படிக்கல்லு வச்சா நடுவுல 5.000 காட்டுது, தட்டோட மூலைக்கு நகத்துனா 4.985, மூணு பிரிவு கம்மி.

லைசென்ஸ் உள்ள ரிப்பேர்காரர்கிட்ட சரி பண்ணிட்டு அப்புறம் முத்திரை ஆய்வாளர்கிட்ட கொண்டு போகலாம்னு இருக்கேன். அப்ரூவல் நம்பர் படிக்க முடியலேன்னா திருப்பி அனுப்பிருவாங்களா? இப்படி பழசுக்கு முத்திரை வாங்குனவங்க இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா வீட்டுக்கு வெங்காயம் நிறுக்கத்தான் இது.