'ஆஸ்பத்திரி வீதி' என்று பலகை: இந்தப் படம் எந்த ஊர்?

கயல்: பெரியப்பா காலமான பிறகு அவர் பெட்டியில் கிடைத்த படம் இது. ஒரு மருந்துக்கடை வாசலில் நிற்கிறார். எந்த ஊர் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பலகையில் மேலே பெரிதாகத் தமிழ். கடைப் பெயரை மரக்கிளை மறைக்கிறது, '...ன் பாமசி, ஆஸ்பத்திரி வீதி' என்பது மட்டும் தெரிகிறது. கீழே வட்ட வட்டமான எழுத்தில் ஒரு வரி, கடைசியில் ஆங்கிலத்தில் ஹாஸ்பிடல் ரோடு. பக்கத்தில் நிற்கும் வேனுக்குப் பின்னால் மஞ்சள் நம்பர் பிளேட். மலையாளம், வாடகை வண்டி என்று வைத்துப் பாலக்காடு பக்கம் என நினைக்கிறேன். சரிதானா?

செந்தில்: பாலக்காடு இல்லை, இலங்கை. 'வீதி' என்ற ஒரு சொல்லே போதும். நம் ஊரில் தெரு, சாலை என்றுதான் எழுதுவோம்.

மீனாட்சி: அது போதாது செந்தில். மதுரையில் மாசி வீதி, கோவையில் ஒப்பணக்கார வீதி, புதுச்சேரியில் திரும்பிய பக்கமெல்லாம் வீதிதான். ஆனால் நம் பக்கம் அதன் ஆங்கிலம் பெரும்பாலும் 'ஸ்ட்ரீட்' என்று இருக்கும். கயல் படத்தில் 'ரோடு' என்று இருக்கிறது. கொழும்பின் காலி வீதியும் 'ரோடு'தான். முடிவு சரி, காரணம்தான் பாதி.

தயாளன்: நான் யாழ்ப்பாணத்துக்காரன். வீதியைவிட 'பாமசி'தான் எனக்குப் பெரிய தடயம். நாங்கள் ஆங்கிலச் சொல்லை வாயில் வருகிறபடியே எழுதுவோம், அதனால் சில சொற்களில் 'ர்' விழுந்துவிடும். தமிழ்நாட்டில் 'பார்மசி' அல்லது மருந்தகம். 'ட்' வரும் இடமும் மாறும்: அங்கே மார்க்கெட், இங்கே மார்க்கெற். அங்கே ஸ்டோர்ஸ், இங்கே ஸ்ரோர்ஸ் என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். கொழும்பில் 'ஸ்டோர்ஸ்' என்றும் பார்க்கலாம், ஆகவே இந்த எழுத்து இல்லை என்பதற்காக இலங்கையைத் தள்ளிவிடாதீர்கள்.

அந்த வட்ட எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மலையாளத்தில் இகரக் குறி எழுத்துக்கு வலப்பக்கம் நிற்கும். சிங்களத்தில் அது எழுத்தின் தலைமேல் தொப்பி மாதிரி வளைந்து உட்காரும். அப்புறம், வேனின் முன்பக்க பிளேட் எங்காவது தெரிகிறதா? இலங்கையில் சொந்த வண்டிக்கும் முன்னால் வெள்ளை, பின்னால் மஞ்சள். இந்தியாவில் வாடகை வண்டி என்றால் இரண்டு பக்கமும் மஞ்சள்.

கயல்: இரண்டு எழுத்துகளின் தலைமேல் வளைவு இருக்கிறது! அப்படியானால் சிங்களம். வேனின் முன்பக்கம் படத்தில் இல்லை. பின் பிளேட்டின் இடது ஓரத்தில் சின்னதாக WP என்று ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிறது, பிறகு இரண்டு எழுத்து, ஒரு கோடு, எண்கள்.

செந்தில்: WP என்றால் மேல் மாகாணம். அப்போ கொழும்பு. முடிந்தது.

தயாளன்: இல்லை தம்பி. அது வண்டி பதிவான மாகாணம், படம் எடுத்த இடம் இல்லை. கொழும்பில் பதிவான வேன்கள் யாழ்ப்பாணத்தில் எத்தனையோ ஓடுகின்றன. ஒன்று உறுதி: மாகாண எழுத்துள்ள பிளேட் 2000க்குப் பிறகுதான் வந்தது, ஆகவே படமும் அதற்குப் பிந்தியது. இடத்துக்குப் பலகையின் வரிசையைப் பாருங்கள். கொழும்பு என்றால் சிங்களம் மேலே, தமிழ் நடுவே இருப்பதுதான் வழக்கம். தமிழ் மேலே, அதுவும் பெரிதாக என்றால் நான் வடக்கு, கிழக்கைத்தான் நினைப்பேன். கடைக்காரர் தன் விருப்பப்படி எழுதியிருக்கவும் கூடும், அதனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

லோகன்: என்னிடமும் தாத்தாவின் கடைப் படம் ஒன்று உண்டு. 'விற்பனை' என்பதில் னை பழைய மாதிரி, முன்னால் தும்பிக்கை போட்டு எழுதியிருக்கிறது. அப்படியானால் அதுவும் இலங்கையா? கறுப்பு பிளேட்டில் வெள்ளை எழுத்து உள்ள காரும் நிற்கிறது.

மீனாட்சி: அந்த னை இடத்தைச் சொல்லாது, காலத்தைச் சொல்லும். தமிழ்நாட்டில் 1978இல்தான் எழுத்தை மாற்றினார்கள், அதற்கு முன்னால் பெரும்பாலும் தும்பிக்கைதான். கறுப்பு பிளேட்டும் அப்போது பல நாடுகளில் இருந்தது, நிறத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள். P-க்கு அடுத்து நேராக எண் வந்தால் பினாங்கு. MDU என்றால் மதுரை.

லோகன்: P 4 என்று ஆரம்பிக்கிறது. தாத்தா பினாங்கில் இருந்ததாக யாரும் சொன்னதே இல்லை. அம்மாவிடம் கேட்கிறேன்.

தயாளன்: கயல், பலகையின் அடியில் தொலைபேசி எண் இருக்கிறதா? 021 என்றால் யாழ்ப்பாணம் அல்லது கிளிநொச்சி, 023 மன்னார், 024 வவுனியா, 026 திருகோணமலை, 065 மட்டக்களப்பு.

கயல்: இருக்கிறது. 02 வரை தெளிவு. மூன்றாவது எண்ணின் மேல்பாதி இலைக்குப் பின்னால். கீழே நேராக ஒரு கோடு மட்டும் இறங்குகிறது.

தயாளன்: வளைவு இல்லை என்றால் 3ம் 6ம் போய்விடும். 1 அல்லது 4 மிச்சம். 4 என்றால் கோட்டின் நடுவில் குறுக்கே ஒரு வெட்டு இருக்க வேண்டும், ஆனால் அதை இலை மறைத்திருக்கலாம். யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரி வீதி இருக்கிறது என்பதால் என் மனம் அங்கேதான் போகிறது. அதே நாளில் எடுத்த வேறு படம் பெட்டியில் இருந்தால் போடுங்கள்.

கயல்: இன்னும் நான்கு படங்கள் இருக்கின்றன. நாளை ஸ்கேன் செய்து போடுகிறேன், அண்ணா.