15 பிரேம் அரங்கேற்றமும் இரட்டைக் கைகளும்

மயிலை வாசகி:
2006-இல் மயிலாப்பூரில் நடந்த என் தங்கையின் அரங்கேற்றத்தைச் சிறிய டிஜிட்டல் கேமராவில்தான் எடுத்திருந்தோம். நொடிக்கு 15 பிரேம், 320×240 அளவு. அசைவு சீராகத் தெரிய, இடையில் பிரேம்களை நிரப்பி நொடிக்கு 60 ஆக்கும் இந்தக் கட்டளையைக் கொடுத்தேன்.

```
ffmpeg -i nadanam.avi -vf "minterpolate=fps=60:mi_mode=mci" out.mp4
```

பதம் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால், வர்ணத்தில் தீர்மானம் தொடங்கியதும் ஒவ்வொரு கைக்கும் பக்கத்தில் வெளிறிய இன்னொரு கை தோன்றி மறைகிறது. பின்னாலிருக்கும் நீலத் திரையும் விரல்களோடு சேர்ந்து இழுபடுகிறது.

பெரம்பூர்க்காரர்:
இடைப் பிரேம்களைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கும் RIFE பயன்படுத்துங்கள், பேய்க்கை அறவே வராது. என் மகனின் சைக்கிள் வீடியோவில் வரவில்லை.

வடபழனி எடிட்டர்:
அறவே வராது என்று சொல்வதற்கில்லை. வெளிறிய கை குறையும், அதற்குப் பதிலாக வேகமான முத்திரையில் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் களிமண் போலாவதை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மா, வீடியோவை நிறுத்தி ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பாருங்கள். நான்கில் ஒன்று தெளிவாகவும் மற்ற மூன்று கலங்கியும் இருந்தால், அந்த மூன்றும் கணினி இட்டு நிரப்பியவை. அடுத்து, அடுத்தடுத்த இரண்டு மூலப் பிரேம்களில் கை எத்தனை பிக்சல் நகர்ந்திருக்கிறது என்று அளந்து பாருங்கள். இந்த minterpolate ஃபில்டர் இயல்பாக 32 பிக்சல் தூரத்துக்குள்தான் தேடும். கை அதைத் தாண்டிப் போயிருந்தால் சரியான இணை கிடைக்காமல், பழைய இடத்துக் கையையும் புதிய இடத்துக் கையையும் கலந்து வைத்துவிடும். கட்டளையில் `mci`-க்குப் பின் `:search_param=64` என்று சேர்த்துப் பாருங்கள். திரை இழுபடுவது வேறு சங்கதி. கை விலகியபின் வெளிப்படும் துணி முந்தைய பிரேமில் மறைந்திருந்ததால் அதற்கு இணையே கிடையாது. அதை எந்த எண்ணை மாற்றியும் முழுதாகத் தீர்க்க முடியாது.

தாம்பரம் தாத்தா:
என் கல்யாண வி.எச்.எஸ். டேப்பைக் கணினியில் ஏற்றியபோது 25 பிரேம் என்றுதான் காட்டியது. நானும் இதே கட்டளையால் அதை 50 ஆக்கலாமா?

வடபழனி எடிட்டர்:
வேண்டாம் ஐயா. நம் ஊர் டேப் PAL முறையில் பதிந்தது. நொடிக்கு 50 அரைப்படங்கள், ஒன்றுவிட்டு ஒன்றான வரிகளாக, அதிலேயே இருக்கின்றன. ஏற்றிய கோப்பில் அந்த வரிகள் கலையாமல் இருந்தால், `-vf bwdif` என்பதே உண்மையான 50 அசைவுகளைத் தந்துவிடும். இல்லாததைக் கற்பனை செய்ய வேண்டியதில்லை.

மயிலை வாசகி:
அளந்தேன், தீர்மானத்தில் கை 45 பிக்சல் வரை தாவுகிறது. 64 கொடுத்தபின் இரட்டைக் கை பெரும்பாலும் போய்விட்டது, ஆனால் ஓரிடத்தில் வலக்கை வளையல் இடக்கையில் ஏறி இறங்குகிறது! ஆகவே 30 பிரேமோடு நிறுத்தி, தீர்மானங்களை மட்டும் மூலத்திலிருந்தே வெட்டி ஒட்டியிருக்கிறேன். என் அம்மாவுக்குப் பிடித்திருக்கிறது. தங்கையோ, வர்ணத்தில் அபிநயத்திலிருந்து தீர்மானத்துக்குப் போகும் இடமெல்லாம் தாளம் தப்புவதுபோல் உறுத்துகிறது என்று பழைய கோப்பையே கேட்கிறாள்.