ஜிஸ்யா கட்டினால் போதுமா? இடைக்கால யூதர்களின் நிலை

கடற்கரைக் குமார்: இடைக்காலத்தில் யூதர்களுக்கு முஸ்லிம் ஆட்சி மேலா, கிறிஸ்தவ ஆட்சி மேலா? முஸ்லிம் ஆட்சியில் முஸ்லிம் அல்லாதவர் கட்டவேண்டிய ஜிஸ்யா வரியைக் கட்டினால் வேறு தொல்லையே இல்லை என்கிறார்களே, உண்மையா?

வாசகன்: உண்மைதான். வரி கட்டியவருக்கு உயிர், உடைமை, வழிபாடு மூன்றுக்கும் பாதுகாப்பு. ஐரோப்பாவில் பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் 1236இல் யூதர்களைத் தன் கருவூலத்தின் அடிமைகள் என்றே எழுதிவைத்தார். இதற்கு மேல் என்ன பேச?

ஏடுபிரிப்பவர்: நிறையப் பேசலாம். பழைய கெய்ரோவான ஃபுஸ்தாத்தில், பென் எஸ்ரா என்ற யூதத் தொழுகைக்கூடத்தில் கிடைத்த கடிதங்களைப் பாருங்கள். வரி கட்டிய ரசீது கையில் இல்லாமல் ஊர்விட்டு ஊர் போக முடியாது. பிடிபட்டால் சிறை. கூலிக்காரன் வீட்டில் ஒரு மாதச் செலவே சுமார் 2 தினார். அவனுக்கு அந்த வரி பெரும் சுமை. அதனால்தான் ஏழைகளுக்காகச் சமூகத்தில் வசூல் நடந்தது.

ஆனால் ரசீது இருந்தால் பயணம் தடையில்லை. யூத அறிஞர் வட்டம் வளர்ந்ததும் அதனால்தான். துனிசியாவின் கைரவானில் ஒரு சட்டச் சிக்கல் வந்தால், கேள்வியையும் காணிக்கைப் பணத்தையும் வணிகர் கையில் கொடுத்து பாக்தாத் யூதக் கல்விக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். பதில் திரும்பும் வழியில் ஃபுஸ்தாத்தில் படியெடுத்துக்கொள்வார்கள். யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா எப்படித் தொகுக்கப்பட்டது என்ற கைரவான் கேள்விக்கு அங்கே தலைவராக இருந்த ஷெரீரா 987இல் எழுதிய பதில் இப்படிப் பிறந்ததுதான்.

தென்கரை: எங்கள் கேரளப் பக்கம் ஜிஸ்யாவே கிடையாது. 849ஆம் ஆண்டுக் கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் எபிரேய எழுத்தில் சாட்சிக் கையெழுத்து இருக்கிறதே!

ஏடுபிரிப்பவர்: அது சேர நாடு, கேள்வி வேறு. ஆனாலும் ஒரு தொடர்பு உண்டு: 12ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வெண்கலப் பட்டறை நடத்திய ஆபிரகாம் பென் யிஜுவின் கடிதங்களும் அதே ஃபுஸ்தாத் குவியலில்தான் கிடைத்தன.

குறுக்குக்கேள்வி: வட ஆப்பிரிக்க அரச வம்சமான அல்மொஹத்துகளை ஏன் எல்லாரும் விட்டுவிடுகிறீர்கள்? 1148இல் ஸ்பெயினின் கொர்டோபாவைப் பிடித்ததும் மதம் மாறு அல்லது வெளியேறு என்றார்கள். யூத அறிஞர் மைமோனிடிஸின் குடும்பம் ஊரைவிட்டுப் போனது. அவர்களும் முஸ்லிம் ஆட்சியாளர்கள்தானே? மறுபக்கம், 1084இல் ஜெர்மனியின் ஷ்பேயர் நகர ஆயர் யூதர்களுக்குத் தனி நிர்வாகமும் இடுகாட்டு நிலமும் பட்டயத்தில் எழுதிக் கொடுத்தார்.

வாசகன்: அல்மொஹத் விதிவிலக்கு, ஐயா.

ஏடுபிரிப்பவர்: விதிவிலக்கு என்று தள்ளிவிட முடியாது, பாதுகாப்பை ஒரு அரசன் நினைத்தால் ரத்து செய்யலாம் என்று அது காட்டிவிட்டது. ஆனால் ஷ்பேயர் பட்டயத்தையும் பெரிதாக எண்ண வேண்டாம். 1096இல் சிலுவைப்போர்க் கும்பல் வந்தபோது அவ்வூர் ஆயர் பெரும்பாலோரைக் காத்தார். மைன்ஸ் நகரில் அப்படிக் காக்க முடியவில்லை.

எனக்கு முக்கியமாகப்படுவது வேறொன்று. ரோத்தன்பர்க் மெயிர் என்ற யூதப் பேரறிஞர் 1286இல் ஜெர்மனியைவிட்டுப் போகப் புறப்பட்டார். அரசன் ருடால்ஃப் பிடித்துச் சிறையில் அடைத்தான். கருவூல அடிமை போய்விட்டால் வருமானம் போகுமே! சட்டக் கேள்விகள் சிறைக்குள்ளும் போயின, பதில்களும் வந்தன. 1293இல் அங்கேயே இறந்தார். உடலை 1307இல்தான் பணம் கொடுத்து மீட்டார்கள்.

குறுக்குக்கேள்வி: எகிப்தில் ரசீது இல்லாதவனுக்கும் சிறைதானே? வித்தியாசம் எங்கே?

ஏடுபிரிப்பவர்: அவன் பாக்கியைக் கட்டிவிட்டு வெளியே வரலாம். மெயிர் கட்டவேண்டிய பாக்கி என்று எதுவும் இல்லை.

குறுக்குக்கேள்வி: பாக்கி கட்ட வழியில்லாத ஏழைக்கு அதைச் சொல்லிப் பாருங்கள்.