பழைய எஸ்எம்எஸ் நடு இரவில் மோட்டாரை ஓட்டுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. நான் உட்லண்ட்ஸில் இருக்கிறேன், அப்பா ஊரில் விவசாயம் பார்க்கிறார். வயலில் இணையம் வராது, 2ஜி மட்டும் எடுக்கும். அதனால் சிம்800எல் மாட்யூலும் ரிலேயும் வைத்து, இங்கிருந்து "ON" என்று எஸ்எம்எஸ் அனுப்பினால் மோட்டார் ஓடும்படி செய்தேன்.

போன வாரம் மாலை 6:10க்கு அனுப்பினேன். அப்போது அங்கே கரண்ட் இல்லை, மாட்யூலும் அணைந்திருந்தது. செய்தி சென்டரிலேயே காத்திருந்து, நள்ளிரவில் கரண்ட் வந்ததும் போய்ச் சேர்ந்தது. விடியும்வரை மோட்டார் ஓடிக் கிணறு வற்றிவிட்டது. அப்பாவிடம் நல்ல பாட்டு!

செய்தியோடு அனுப்பிய நேரமும் வருகிறது:

```
+CMT: "+65XXXXXXXX","","25/03/14,18:10:22+32"
```

கடைசி +32 என்பது கால் மணிக் கணக்கு, அதாவது சிங்கப்பூரின் 8 மணி. இந்தியாவுக்கு +22. அதைச் சரிசெய்து, பத்து நிமிடத்துக்கு மேல் பழைய செய்தியை ஒதுக்கப் பார்க்கிறேன். ஆனால் கரண்ட் போய் வந்தால் `AT+CCLK?` தப்பான நேரம் காட்டுகிறது. `AT+CLTS=1` போட்டும் அங்குள்ள நெட்வொர்க் நேரம் தரவில்லை.

மாட்யூல் தன் எண்ணுக்கே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பி, அதிலிருந்து நேரம் எடுப்பது சரிவருமா? இல்லை, பேட்டரியோடு தனிக் கடிகாரச் சிப் போடுவதுதான் நல்லதா? இங்கே 2017லேயே 2ஜியை நிறுத்திவிட்டதால் வீட்டில் சோதிக்க வழியில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன்.